சத்தம் தணிந்ததும் திருப்புங்கள்

எங்கள் குடும்பத்தில் பிறந்தநாள் என்றால் கிழக்குக் கடற்கரைப் பூங்காதான். தேசியப் பூங்காக் கழகத்தின் வழியாகக் கரியடுப்பு மேடை ஒன்றை முன்பதிவு செய்துவிடுவோம். மாலையில் கோழி இறக்கை, சாத்தே, இறால் எல்லாம் ஒரே கம்பிவலையில் ஏறிவிடும். அப்பா காலமானபின் அம்மா அசைவத்தை விட்டுவிட்டார். கோழிக் கொழுப்பு சொட்டிய கம்பியில் அவருக்கென்று ஓரமாக வைக்கும் சோளத்தையும் தொடமாட்டார். “நான் வரும்போதே சாப்பிட்டுட்டேன் கண்ணு, நீங்க சாப்பிடுங்க” என்பார். கைப்பையில் ஒரு டப்பா தயிர்சாதம் இருக்கும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

எல்லாரும் சுட்டுச் சாப்பிடும்போது ஒருவர் மட்டும் டப்பாவைத் திறப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலேயே சைவச் சுடுதல் என்று வைத்துக்கொண்டோம். கரியடுப்பை வீவக வீட்டுக்குள் மூட்ட முடியாது. அது புகைத் தொல்லை மட்டுமல்ல. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய இடத்தில் அது உயிரையே எடுத்துவிடும். ஆகவே கிரில் பேன் ஒன்று வாங்கினோம். வரிவரியாக மேடு எழும்பிய, 26 சென்டிமீட்டர் சதுர வார்ப்பிரும்புச் சட்டி. அம்மாவின் பாத்திரம் என்பதால் அதில் கறியோ மீனோ ஏறுவதில்லை.

இந்தச் சட்டியில் பனீர், சோளம், காய்கறி சுடுவதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். வாங்கிய பலர் இரண்டு முறை பயன்படுத்திவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். பனீர் ஒட்டிக்கொள்கிறது, குடைமிளகாய் வேகவில்லை, வீடெல்லாம் புகை என்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். மூன்றுக்கும் வேர் ஒன்றே. இதைச் சின்ன பார்பிக்யூ என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் இது மேடு போட்ட தோசைக்கல்.

வேறுபாடு இதுதான். கரியடுப்பில் தணலின் அனல் கீழிருந்து எழும்பி, கம்பியைத் தொடாத பகுதியையும் சுடும். கிரில் பேனில் மேட்டைத் தொடுகிற இடம் மட்டுமே சிவக்கும். தொடாத இடம் சட்டியிலிருந்து வரும் வெதுவெதுப்பில் மெல்ல வேகுமே தவிர, சுடுபடாது. எனவே பொருள் தட்டையாக உட்கார வேண்டும், அதன் மேற்பரப்பு உலர்ந்திருக்க வேண்டும், சரியான நேரத்தில் திருப்ப வேண்டும். மற்றதெல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

பனீரைத் தயார் செய்வது

200 கிராம் பனீர் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேக்காவிலும் பேரங்காடிகளிலும் கிடைக்கும் சாதாரண அளவு அது. இரண்டரை சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் ஏறக்குறைய 12 துண்டுகள் வரும். அதைவிடச் சிறிதாக வெட்டினால் குச்சி குத்தும்போதே பிளந்துவிடும். பெரிதாக வெட்டினால் வெளியே கருகும்போதும் உள்ளே குளிர்ந்தே இருக்கும்.

கட்டியை வாங்கும்போது உறைபெட்டியில் கிடந்ததா, குளிர்பெட்டியில் இருந்ததா என்று பாருங்கள். பனீர் உறையும்போது அதிலுள்ள நீர் பனிக்கட்டியாகி உள்ளே சின்னச் சின்ன ஓட்டைகளை உண்டாக்கும். அது உருகியதும் பனீர் பஞ்சுபோல ஆகி எளிதில் உதிர்ந்துவிடும். குழம்புக்கு அது பரவாயில்லை, குச்சிக்கு ஆகாது. வீட்டில் பால் திரித்துச் செய்யும் பனீரும் நன்றாகக் கனம் வைத்து அழுத்தியிருந்தால்தான் குச்சியில் நிற்கும். ஒரு துண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி மீண்டும் எழும்பினால் நல்லது. விரிசல் விட்டால் அன்றைக்குப் பனீர் புர்ஜி செய்துவிடலாம்.

பனீர் சூட்டில் உருகாது. பாலில் எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பைச் சேர்த்துத் திரிப்பதால், அதன் புரதம் இளகி ஓடாத பின்னலாக இறுகிவிடுகிறது. அதனால்தான் அதைச் சட்டியில் நேராக வைத்துச் சுட முடிகிறது. ஆனால் அதிக நேரம் சூட்டில் இருந்தால் அந்தப் பின்னல் இன்னும் இறுகி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். பல்லில் ரப்பர் போல இழுக்கும் பனீர் அப்படி உண்டாவதுதான். ஆக, நமக்கு வேண்டியது குறைந்த நேரத்தில் நல்ல சூடு.

இரண்டு கோப்பை வெந்நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, துண்டுகளை அதில் பத்து நிமிடம் போட்டுவையுங்கள். கட்டி மென்மையாகும், உப்பும் கொஞ்சம் ஏறும். பிறகு எடுத்து, துணியில் ஒற்றி, பத்து நிமிடம் காற்றில் வையுங்கள். இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். பனீர் பொன்னிறமாகச் சிவக்க 140 பாகைக்கு மேல் வேண்டும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அந்த இடம் நூறைத் தாண்டாது. சட்டியின் சூடெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். பனீர் சிவக்காமல் வெந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது மசாலா. உணவகத்துப் பனீர் டிக்கா தடித்த தயிர்ப் பூச்சோடு வரும். அது தந்தூரி அடுப்பில் எதையும் தொடாமல் அனலில் தொங்கி வேகும் உணவு. அதே பூச்சோடு சட்டியில் வைத்தால் தயிர் இரும்பில் ஒட்டிக்கொள்ளும், பனீர் வெள்ளையாக மேலே வந்துவிடும். வீட்டில் நான் இந்த அளவில் கலப்பேன். துணியில் வடிகட்டிய கெட்டித் தயிர் மூன்று மேசைக்கரண்டி, வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்த கடலை மாவு ஒரு மேசைக்கரண்டி, எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, இஞ்சிபூண்டு விழுது ஒரு தேக்கரண்டி, கசக்கிய கசூரி மேத்தி ஒரு தேக்கரண்டி, மஞ்சளும் ஓமமும் சிட்டிகை அளவு, உப்பு அரை தேக்கரண்டி. கடலை மாவு, தயிரில் மிச்சமிருக்கும் நீரை இழுத்துப் பூச்சைப் பிடித்துவைக்கும்.

அரை மணி நேரம் ஊறினால் போதும். மசாலா பனீருக்குள் ஆழமாக இறங்குவதில்லை. இரவெல்லாம் ஊறவைத்தாலும் பெரிய வேறுபாடு தெரியாது. சட்டியில் வைப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் கரண்டியின் பின்புறத்தால் வழித்துவிடுங்கள். பூச்சுக்கு அடியில் பனீரின் வெள்ளை லேசாகத் தெரிய வேண்டும். வழித்த மசாலாவை எறிய வேண்டாம், கடைசியில் அதற்கு வேலை இருக்கிறது.

குச்சி குத்துவதில் ஒரு சிக்கல்

படங்களில் பார்க்கும் குச்சியில் பனீர், குடைமிளகாய், வெங்காயம், மறுபடி பனீர் என்று மாறிமாறி வரும். பார்க்க அழகுதான். கிரில் பேனில் அது வேலைக்கு ஆகாது. நடுவில் செருகிய குடைமிளகாய்த் துண்டு செங்குத்தாக நிற்கும். சட்டியைத் தொடுவது அதன் விளிம்பு மட்டும்தான். பனீர் நான்கு பக்கமும் சிவந்த பிறகும் குடைமிளகாய் பச்சையாகவே இருக்கும். துண்டுகளின் உயரமும் சமமாக இருக்காது. உயரமான ஒரு வெங்காயம் பக்கத்துப் பனீரைத் தூக்கிப் பிடித்துவிடும். அப்படித் தூக்கப்பட்ட துண்டு சட்டியைத் தொடவே தொடாது.

எனவே ஒரு குச்சியில் ஒரே வகை. பனீரை நான்கு நான்காக மூன்று குச்சியில் குத்துவேன். துண்டுகளுக்கிடையே அரை விரல் அகலம் இடைவெளி இருந்தால் ஆவி வெளியேறும். ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு குச்சிகளை இணையாகச் செருகுங்கள். ஒற்றைக் குச்சியில் குத்தினால், திருப்பும்போது குச்சி மட்டும் சுழலும், பனீர் இருந்த இடத்திலேயே இருக்கும். சாத்தே குச்சிகள் வழுவழுப்பான உருளை என்பதால் இது அடிக்கடி நடக்கும்.

குச்சியின் நீளத்தையும் பாருங்கள். கடைக் குச்சி சட்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தால், வரிசை முழுவதும் மேட்டிலிருந்து ஒரு நூல் தூக்கி நிற்கும். சட்டிக்குள் அடங்கும்படி வெட்டிக்கொள்ளுங்கள். 26 சென்டிமீட்டர் சட்டிக்கு 18 சென்டிமீட்டர் குச்சி வசதியாக இருக்கும். நீரில் ஊறவைப்பது கரியடுப்புக்குத்தான் முக்கியம். இங்கே நெருப்பு குச்சியை நேரடியாகத் தொடாது.

குடைமிளகாயை நான்கு சுவராக வெட்டி, வளைந்த மேல்பகுதியையும் அடிப்பகுதியையும் நீக்கிவிடுங்கள். மிச்சமிருக்கும் தட்டையான பகுதியைச் சதுரமாக வெட்டி, குச்சியைத் துணியில் ஓட்டுத்தையல் போடுவதுபோல ஒரு ஓரத்தில் நுழைத்து மறு ஓரத்தில் எடுத்தால், துண்டு படுத்தவாக்கில் இருக்கும். வெங்காய இதழ்களையும் அப்படியே செய்யலாம். இவற்றுக்கு மசாலா வேண்டாம். எண்ணெய் மட்டும் தடவுங்கள். உப்பைச் சுட்ட பிறகு தூவுங்கள். முன்கூட்டியே தூவினால் உப்பு காயிலுள்ள நீரை வெளியே இழுத்து மேற்பரப்பை நனைத்துவிடும். கலந்த குச்சிதான் வேண்டும் என்றால், எல்லாம் வெந்தபின் தட்டுக்கு வரும்போது மாற்றிக் குத்திக்கொள்ளலாம். என் மகனுக்கு அந்த வேலை மிகவும் பிடிக்கும்.

சூடும் சத்தமும்

வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடேறும், ஏறிய சூட்டை எளிதில் விடாது. மிதமான தீயில் ஐந்து நிமிடம் வையுங்கள். அதிகத் தீயில் இரண்டு நிமிடம் வைப்பது அதற்கு ஈடாகாது. அடுப்பின் வளையத்துக்கு நேர்மேலே மட்டும் கொதித்து, ஓரங்கள் குளிர்ந்தே கிடக்கும். பாதி நேரத்தில் சட்டியைக் கால் வட்டம் திருப்பி வைத்தால் சூடு இன்னும் சமமாகும். ஒட்டாத பூச்சுள்ள சட்டியாக இருந்தால் கதையே வேறு. அதை வெறுமையாக அதிகத் தீயில் காயவிடக் கூடாது. 260 பாகைக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். மிதமான தீயில் இரண்டு நிமிடத்துக்குள் பொருளை வைத்துவிட வேண்டும்.

சூட்டைப் பார்க்க அம்மாவின் முறையே போதும். தோசைக்கல்லில் தெளிப்பதுபோல மேட்டின்மேல் இரண்டு சொட்டு நீர். உட்கார்ந்து கொதித்தால் இன்னும் சூடு வேண்டும். சொய்யென்று ஓரிரு வினாடியில் காணாமல் போனால் தயார். நீர் தெளிக்கும் முன்பே சட்டியிலிருந்து நீலப்புகை கிளம்பினால் சூடு மிஞ்சிவிட்டது. தீயைக் குறைத்து ஒரு நிமிடம் விடுங்கள்.

எண்ணெயைச் சட்டியில் ஊற்ற வேண்டாம். ஊற்றும் எண்ணெய் மேட்டில் நிற்காமல் பள்ளத்தில் ஓடிவிடும். அங்கே அது எதையும் சமைக்காது, காய்ந்து புகைவதுதான் அதன் ஒரே வேலை. உணவில் தடவிய எண்ணெய் போதும். சுத்திகரித்த கடலை எண்ணெய் போன்று அதிகச் சூடு தாங்கும் எண்ணெய் நல்லது. நல்லெண்ணெய் சீக்கிரம் புகைந்துவிடும். வெண்ணெயைச் சுட்டபின் தடவலாம், அதற்கு முன் வேண்டாம்.

இப்போது பனீர்க் குச்சிகளை வையுங்கள். மேடுகளுக்குக் குறுக்காக வைத்தால் கோடுகள் ஒழுங்காக விழும். வைத்த பிறகு கையை எடுத்துவிட்டுக் காதைக் கொடுங்கள்.

என் வேலையே சத்தத்தோடுதான் என்பதால் இதை நான் முதலில் காதால்தான் கவனித்தேன். வானொலி நாடகங்களில் மழைக்கு, சட்டியில் பொரியும் சத்தத்தைப் பதிவு செய்து போடுவது பழைய உத்தி. அவ்வளவு ஒற்றுமை இருக்கிறது. பனீரை வைத்ததும் வருவது அடைமழை. மேற்பரப்பில் மிச்சமுள்ள ஈரம் மேட்டில் பட்டு ஆவியாகும் ஒலி அது. ஒன்றரை நிமிடம் தாண்டியதும் அது தூறலாகிறது. ஈரம் தீர்ந்துவருகிறது, இனிச் சிவக்கத் தொடங்கும் என்று பொருள். இன்னும் அரை நிமிடத்தில் விட்டு விட்டு விழும் சொட்டுகள்போல ஆகும். திருப்ப வேண்டிய நேரம் அதுதான். அப்போது பால் காய்ச்சிய பாத்திரத்தின் அடியிலிருந்து வருவதுபோல ஓர் இனிப்பு வாசமும் வரும். வாசம் கசப்பாக மாறினால் தாமதமாகிவிட்டது.

வைத்ததும் சத்தமே வரவில்லை என்றால் சட்டி காயவில்லை. அப்படியே விட்டால் பனீர் நீர்விட்டு ஒட்டிக்கொள்ளும். உடனே எடுத்துவிட்டுச் சட்டியை மீண்டும் காயவிடுவது நல்லது. இரண்டு நிமிடத்துக்குப் பிறகும் அடைமழை ஓயவில்லை என்றால் பூச்சு தடிமனாக இருக்கிறது, அல்லது சட்டியில் துண்டுகள் நெருக்கமாகக் கிடக்கின்றன.

ஒரு ஞாயிறன்று என் தம்பி அடுப்பருகே நின்றான். கோழி இறக்கையை நிமிடத்துக்கு நான்கு முறை புரட்டிப் பழகியவன். வைத்த பத்து வினாடியில் இடுக்கியால் தூக்கப் பார்த்தான். பனீர் வரவில்லை. அடியில் தோசைத் திருப்பியை விட்டு நெம்பினான். பின்னால் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே சொன்னார்: “தோசை வேகறதுக்கு முன்னாடி எடுத்தா பிஞ்சு வரும்ல தம்பி? கொஞ்சம் விடு. வெந்தா அதுவே விடும்.”

அவன் கையை எடுத்தான். அரை நிமிடத்தில் சத்தம் தணிந்தது. குச்சியின் நுனியைப் பிடித்து லேசாக அசைத்ததும் வரிசை முழுவதும் பெயர்ந்து வந்தது. மேற்பரப்பிலுள்ள புரதம் ஈரமாக இருக்கும்போது சூடான இரும்பைப் பற்றிக்கொள்கிறது. அது காய்ந்து மொறுமொறுப்பான தோலாக மாறியதும் பிடியை விடுகிறது. தோசையும் பனீரும் இதில் ஒன்றுதான். நெம்ப வேண்டியிருந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சத்தம் முற்றிலும் நின்று, நீலப்புகையும் வந்து, அப்போதும் பெயராவிட்டால் மசாலா கருகி ஒட்டியிருக்கிறது. அதற்கு மேல் காத்திருப்பதில் பயனில்லை.

திருப்பும்போது குச்சியை எடுத்த இடத்திலேயே வைக்காதீர்கள். குளிர்ந்த பனீர் இரண்டு நிமிடம் உட்கார்ந்த இடத்தில் இரும்பின் சூடு இறங்கியிருக்கும். பக்கத்தில் காலியாக இருக்கும் மேட்டில் வையுங்கள். அதனால்தான் மூன்று வரிசை கொள்ளும் சட்டியில் இரண்டை மட்டும் வைப்பேன். மூன்றாவது இடம் திருப்புவதற்கானது. முதல் பக்கம் இரண்டு நிமிடம் எடுக்கும். பனீர் ஏற்கெனவே சூடாகிவிட்டதால் அடுத்த மூன்று பக்கங்களுக்கும் ஒன்றரை நிமிடம் வீதம் போதும். மொத்தம் ஆறரை நிமிடம். கடைசித் திருப்பலின்போது, வழித்து வைத்த மசாலாவைச் சிவந்த பக்கங்களின்மேல் தூரிகையால் மெல்லிசாகத் தடவி, நான்கு பக்கமும் பத்துப் பத்து வினாடி காட்டுங்கள். உணவகத்து நிறமும் காரமும் வரும், ஒட்டாது.

இரண்டாம் சுற்றுக்கு முன் மடித்த டிஷ்யூவை இடுக்கியில் பிடித்துப் பள்ளங்களைத் துடைத்துவிடுங்கள். வீட்டுப் புகையில் பெரும்பகுதி பள்ளத்தில் விழுந்த மசாலாவிலிருந்துதான் வருகிறது. 2018 ஜூன் முதல் சிங்கப்பூரில் புதிய வீடுகளுக்குத் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். எங்கள் வீட்டிலும் கூரையில் ஒன்று இருக்கிறது. சட்டியைத் துடைத்துக்கொண்டால், சன்னலைத் திறந்து, புகையுறிஞ்சியை முதலிலேயே ஓடவிட்டால், அது வாய் திறப்பதில்லை.

குடைமிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அதே சூடுதான், நேரம் மட்டும் கூடுதல். தோல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து நான்கு நிமிடம், திருப்பி மூன்று நிமிடம். காயில் நீர் அதிகம் என்பதால் இங்கே அடைமழை நீண்ட நேரம் கேட்கும். முதல் இரண்டு நிமிடம் ஒரு சிறு மூடியால் காயை அழுத்திப் பிடித்தால் வளைந்த துண்டுகளும் மேட்டைத் தொடும். மூடி வைத்து ஆவியை அடைக்க வேண்டாம், அழுத்தினால் போதும்.

சோளம் உருண்டை என்பதால்

பனீருக்கு நான்கு பக்கம் உண்டு. சோளக் கதிருக்குப் பக்கமே இல்லை. உருளையான பொருள் சட்டியைத் தொடுவது ஒரு கோட்டில்தான். பச்சைச் சோளத்தை அப்படியே வைத்தால், எல்லா முத்தும் வேகும் முன்பே தொட்ட முத்துகள் கருகிவிடும். சோளத்தில் இனிப்பு இருப்பதால் நிறமும் சட்டென்று ஏறும். ஆகவே வேகவைப்பதையும் சுடுவதையும் பிரித்துவிடுங்கள். கதிரை இரண்டாக உடைத்து ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, துணியில் நன்றாக ஒற்றி எடுத்து, எண்ணெய் தடவுங்கள்.

பனீரை மேடுகளுக்குக் குறுக்காக வைத்தோம். சோளத்தை மேடுகளுக்கு இணையாக, இரண்டு மேட்டுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் படுக்கவையுங்கள். உருளாது, இரு மேடும் கதிரின் நீளம் முழுக்கத் தொடும். குறுக்காக வைத்தால் அங்கங்கே புள்ளி விழும், அவ்வளவுதான்.

சோளக் கதிரில் முத்து வரிசைகள் எப்போதும் இரட்டைப்படையில்தான் இருக்கும். பதினாறு வரிசையுள்ள கதிர் என்றால் இரண்டிரண்டு வரிசையாக உருட்டினால் எட்டு முறையில் ஒரு சுற்று முடியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். எங்கே தொடங்கினோம் என்பது மறந்துபோகும் என்பதால், கதிரின் தண்டுப் பக்கம் ஒரு பல்குச்சியைச் செருகி அடையாளம் வைப்பேன். அது மீண்டும் மேலே வந்தால் சுற்று முடிந்தது. சோளம் தரும் சத்தம் வேறு. முதலில் மெல்லிய சீறல், பிறகு படபடவென்று வெடிப்பு. முத்தின் தோலுக்குள் ஆவி அடைபட்டு வெடிக்கும் சத்தம் அது. முதல் வெடிப்பு கேட்டதும் உருட்டிவிடுங்கள். முகத்தைச் சட்டிக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகளைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். வெண்ணெய், எலுமிச்சை, மிளகாய்த்தூள், உப்பு எல்லாம் தட்டுக்கு வந்தபின்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் வரும் புகைவாசம் இந்தச் சட்டியில் வராது. அது கொழுப்பும் சாறும் தணலில் விழுந்து எரிந்து, அந்தப் புகை மேலேறி உணவில் படிவதால் வருவது. இங்கே தணல் இல்லை. கிடைப்பது சிவந்த தோலும் அதன் மணமும்தான். வறுத்துப் பொடித்த சீரகத்தையும் கருப்பு உப்பையும் கடைசியில் தூவினால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. “புகை வாசம் எனக்கு எதுக்கு? விறகடுப்புல ஊதினது போதாதா?” என்று அம்மா கேட்டார். எஸ்டேட்டில் வளர்ந்தவர் அவர்.

பனீரை உடனே சாப்பிட வேண்டும். ஆறினால் இறுகிவிடும். ஆகவே மேசையில் எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் பனீர் சட்டியில் ஏறும். முதலில் சோளம், பிறகு காய், கடைசியில் பனீர் என்பது எங்கள் வரிசை. முதல் குச்சி அம்மாவுக்கு. மிஞ்சினால் மறுநாள் காலை பொடியாக நறுக்கி, வெங்காயத்தோடு ஒரு நிமிடம் வதக்கிப் புரோட்டாவில் சுருட்டலாம். மீண்டும் சட்டியில் வைத்துச் சுட்டால் ரப்பர்தான்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் சட்டி வெதுவெதுப்பாக ஆறியிருக்கும். அப்போதே கழுவிவிடுங்கள். கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடலாம். நன்றாக ஆறிய பிறகு கழுவினால் பள்ளத்து மசாலா கல்லாகியிருக்கும். வெந்நீர் ஊற்றி, கெட்டியான தூரிகையால் மேடுகளின் போக்கிலேயே தேய்த்து, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிட்டு, நான்கு சொட்டு எண்ணெயைத் துணியால் தடவி வையுங்கள். இந்த வேலையை இப்போது தம்பி செய்கிறான். திருப்பும் வேலையும் அவனுடையதுதான். இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தம் தணியும்வரை சும்மா நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டான்.